அறைக்கு ஒரு சுற்றா, வேலைக்கு ஒரு சுற்றா? நியூட்ரலைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

கடலூரிலிருந்து தாழங்குடா போகும் வழியில் ஒரு வீட்டுக்கு உள் வடிவமைப்பு செய்துகொண்டிருந்தேன். கீழே கூடம், இரண்டு படுக்கையறை, சமையலறை. மாடியில் ஓர் அறை. சுவர் வெட்டிப் பைப் புதைக்கிற நாளில், வயரிங் செய்ய வந்த அண்ணன், வீட்டு மின்சாரத்தைச் சுற்றுகளாகப் பிரித்தனுப்பும் டிபி பெட்டி வரும் இடத்தில், சுமை மீறினால் தானே விழும் எம்சிபி சுவிட்ச்களுக்காகச் சாக்பீஸால் ஆறு கட்டம் போட்டார். "அறைக்கு ஒரு எம்சிபி போதும் மேடம். எந்த அறையில் கோளாறோ, அதை மட்டும் அணைத்துக்கொள்ளலாம்" என்றார். என் வரைபடத்தில் இருந்தது வேலைவாரிப் பிரிவு: விளக்கும் மின்விசிறியும் தனிச் சுற்றுகள், பிளக் பாயிண்ட்கள் தனி, வெளிவிளக்குகள் தனி. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அண்ணன் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. அறைவாரிப் பிரிவில் வயர் குறைவாகப் போகும். டிபியிலிருந்து அறையின் சுவிட்ச் பெட்டிக்கு ஒரே பாதையில் பேஸ், நியூட்ரல், எர்த் வந்து சேர்ந்துவிடும். அங்கிருந்து விளக்குக்கும் விசிறிக்கும் கிளை. டிபியில் "முன் அறை", "பின் அறை" என்று எழுதி ஒட்டினால் வீட்டில் எல்லோருக்கும் புரியும். அதைவிட முக்கியம், பழுது பார்க்கிறவரின் பாதுகாப்பு. ஒரு எம்சிபியை இறக்கினால் அந்த அறையின் பெட்டி முழுவதும் செத்துவிடும். வேலைவாரிப் பிரிவில் ஒரே பெட்டிக்குள் இரண்டு சுற்றுகள் வந்து நிற்கும். விளக்குச் சுற்றை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் பெட்டிக்குள் கை வைக்கிறவர், பக்கத்திலேயே உயிரோடு இருக்கும் பிளக்கின் பேஸைத் தொடுவார்.

இந்தக் குறைக்கு வடிவமைப்பிலேயே மருந்து உண்டு. சுவிட்சும் பிளக்கும் ஒரே பெட்டியில் இருந்தாக வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. விளக்குச் சுவிட்ச் கதவின் தாழ்ப்பாள் பக்கம், தரையிலிருந்து நான்கடி உயரத்தில் இருந்தால் உள்ளே நுழைகிற கை தானாகப் போய் விழும். பிளக், மேசையும் கட்டிலும் வரும் இடத்தில் இருக்க வேண்டும். வாசலருகே பன்னிரண்டு பொத்தான்களோடு ஒரு பெரிய பலகையை மாட்டிவிட்டு, பிறகு அறை முழுக்க நீட்டிப்பு வயரை இழுத்துக்கொண்டு திரிவது நம் வீடுகளின் தீராத வியாதி. பெட்டிகளைப் பிரித்து வைத்தால் சுற்றுகளும் தாமாகவே பிரிகின்றன. அந்த வீட்டில் அப்படித்தான் செய்தோம். கட்டில் தலைமாட்டில் மட்டும் டூ-வே சுவிட்சும் செல்பேசி பிளக்கும் ஒரே பெட்டியில் வந்தன. அதன் மூடிக்கு உட்புறம் "இரண்டு சுற்று" என்று எழுதச் சொன்னேன்.

விளக்குச் சுற்றில் எத்தனை பாயிண்ட் வைக்கலாம்? நம் நாட்டு வயரிங் நடைமுறை நெறியில் நெடுங்காலமாக இருக்கும் அளவு: ஒரு சுற்றுக்குப் பத்து பாயிண்ட், 800 வாட். குண்டு பல்பு எரிந்த காலத்தில் வாட் கணக்குதான் முதலில் நிறையும். எல்இடி வந்த பிறகு அது நிறைவதே இல்லை. இந்த வீட்டின் முதல் விளக்குச் சுற்றில் கூடத்துக்கு நான்கு விளக்கு, இரண்டு விசிறி, பூசை மாடத்துக்கு ஒன்று, சமையலறைக்கு இரண்டு என ஒன்பது பாயிண்ட். எல்லாம் சேர்ந்தும் 250 வாட்டை எட்டவில்லை. அப்படியானால் மொத்த வீட்டு விளக்குகளையும் ஒரே எம்சிபியில் போட்டுவிடலாமே என்று கேட்பார்கள். வயர் தாங்கும், ஆனால் ஒரு கோளாறு வந்தால் வீடே இருண்டுவிடும். பத்து பாயிண்ட் என்ற வரம்பை நான் மதிப்பது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். ஆகவே படுக்கையறைகள் இரண்டாம் சுற்று, மாடியும் படிக்கட்டும் மூன்றாம் சுற்று. ஒன்று போனாலும் அடுத்த அறையின் வெளிச்சம் நடைவழியில் விழும்.

இதுவரை இரண்டு முறைக்கும் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. கடலோர ஊரில் வித்தியாசம் தெரிவது மழைக்காலத்தில். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது, 2015 வெள்ளம், 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணை வழியாக வந்தது என்று இந்தப் பக்கத்து மனிதர்கள் ஆண்டு சொல்லிப் பேசுவார்கள். ஆசிரியர் வீட்டில் 2024இல் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் வந்திருக்கிறது. பழைய வயரிங்கில் பிளக்குகள் தரையிலிருந்து ஓரடியில் இருந்தன. தண்ணீர் ஏறுவதற்குள் அவற்றை அணைத்துவிட நினைத்திருக்கிறார். அறைவாரிப் பிரிவு என்பதால் பிளக்கை அணைத்தால் விளக்கும் போய்விடும். இருட்டில் பொருள்களை மேலே ஏற்ற முடியாது என்று அணைக்காமலேயே விட்டிருக்கிறார். கேட்டபோது எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

வேலைவாரிப் பிரிவில் அவர் உலர்ந்த தரையில் நின்று பிளக் சுற்றை மட்டும் இறக்கியிருக்கலாம். மேலே விளக்கு எரிந்துகொண்டிருக்கும். தண்ணீர் பிளக்கை நெருங்கிவிட்டால் மெயினையே இறக்க வேண்டும், காலடியில் தண்ணீர் வந்த பிறகு டிபியைத் தொடவே கூடாது என்பது வேறு விஷயம். இந்த வசதிக்காகவே வேலைவாரிப் பிரிவுதான் சரி என்று பல ஆண்டுகள் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மைதான் என்பதை இன்னொரு வீட்டின் கேட் விளக்கு கற்றுக்கொடுத்தது.

அந்த வீட்டில் சுற்றுகளை அழகாகப் பிரித்திருந்தோம், ஆனால் எல்லாவற்றுக்கும் தலையில், மின்கசிவு கண்டால் மின்சாரத்தை வெட்டும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒரே ஒன்றுதான். ஐப்பசி மழை தொடங்கியதும் ஆர்சிசிபி விழ ஆரம்பித்தது. கேட் விளக்கின் கூண்டில் உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து பச்சை பூத்திருந்தது. சரி என்று அதன் சுவிட்சை அணைத்தார்கள், பிறகும் விழுந்தது. அதன் எம்சிபியையே இறக்கினார்கள். அப்போதும் அவ்வப்போது விழுந்தது. பேய் பிடித்தது போலத்தான் தோன்றும்.

காரணம் எளியது. வீடுகளில் நாம் போடும் எம்சிபி பெரும்பாலும் ஒற்றைக் கம்ப வகை. அது பேஸை மட்டும் வெட்டும். நியூட்ரல் வயர் டிபியின் நியூட்ரல் பட்டையோடு ஒட்டியபடியே இருக்கும். ஆர்சிசிபி பார்ப்பது ஒன்றைத்தான்: பேஸில் போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா? கேட் கம்பத்தில் நியூட்ரல் ஈரத்தின் வழியே மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தால், வீட்டுக்குள் குளிர்சாதனம் ஓடும்போது திரும்பி வரும் மின்னோட்டத்தில் ஒரு சிறு பங்கு அந்தக் கம்பம் வழியாக மண்ணுக்குள் போய்விடும். கணக்கு உதைக்கும், ஆர்சிசிபி விழும். வீட்டில் ஒன்றும் ஓடாத நேரத்தில் விழாது. "அவ்வப்போது" என்பதன் பொருள் அதுதான். நீரில் மூழ்கிய பிளக்கும் இதே வேலையைச் செய்யக்கூடும். எம்சிபியை இறக்கிவிட்டோம், விளக்கு எரியும் என்று இருப்பவரின் விளக்கையும் சேர்த்து அது அணைத்துவிடும்.

மழையில்லாத நாளிலும் ஒற்றை ஆர்சிசிபிக்கு ஒரு சங்கடம் உண்டு. 30 மில்லிஆம்பியர் என்று எழுதியிருப்பது, 15க்கு மேல் எங்கு வேண்டுமானாலும் விழலாம். ஈரம் கண்ட வெந்நீர்க் கலம், துவைக்கும் இயந்திரம், கணினி என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் கசியும். குற்றவாளி என்று ஒன்றைக் காட்ட முடியாமலே கூட்டுத்தொகை வரம்பைத் தொட்டுவிடும்.

ஆகவே தாழங்குடா வழி வீட்டில் நான் பிடிவாதம் பிடித்தது எம்சிபி எண்ணிக்கையில் அல்ல. விளக்குச் சுற்றுகள் மூன்றுக்கும் ஓர் ஆர்சிசிபி, அதற்கென ஒரு நியூட்ரல் பட்டை. பிளக், சமையலறை, வெந்நீர் ஆகியவற்றுக்கு இன்னோர் ஆர்சிசிபி, இன்னொரு பட்டை. கேட், சுற்றுச்சுவர், மொட்டைமாடி விளக்குகளுக்குத் தனியாக, எம்சிபி வேலையையும் ஆர்சிசிபி வேலையையும் ஒன்றாகச் செய்யும் ஓர் ஆர்சிபிஓ, மோட்டாருக்கு மற்றொன்று. ஆர்சிபிஓ வாங்கும்போது பேஸோடு நியூட்ரலையும் வெட்டும் வகைதானா என்று கேட்டு வாங்க வேண்டும். பேஸை மட்டும் வெட்டும் வகையும் கடையில் கிடைக்கிறது, அது விழுந்த பிறகும் கேட் கம்பத்தின் நியூட்ரல் ஒட்டியபடியே இருக்கும். கீழ்த்தளப் பிளக்குகளை மூன்றடிக்கு ஏற்றினோம். டிபி பெரிதானது, வயரும் இரண்டு காயில் கூடியது. ஆசிரியர் செலவுக் கணக்கைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார், மறுக்கவில்லை.

நியூட்ரல்களைப் பிரித்த வீட்டுக்கென்றே ஒரு வலை காத்திருக்கிறது, பெரும்பாலும் படிக்கட்டில். டூ-வே விளக்குக்குப் பேஸ் கீழ்ச் சுவிட்சிலிருந்து வரும். நியூட்ரலோ, பக்கத்தில் இருக்கிறதே என்று மாடியின் ஏதோ ஒரு பிளக்கிலிருந்து எடுக்கப்பட்டுவிடும். ஒரே ஆர்சிசிபி இருந்த காலத்தில் இது யார் கண்ணுக்கும் தெரியாது. இரண்டாக்கியதும், அந்த விளக்கைப் போட்ட நொடியில் ஒன்றோ இரண்டுமோ விழும். 12 வாட் எல்இடியே 50 மில்லிஆம்பியருக்கு மேல் எடுக்கும். 30ஐத் தாண்ட அது போதும். வேடிக்கை என்னவென்றால், அதே இடத்தில் அரை வாட் இரவு விளக்கு இருந்தால் ஒன்றும் ஆகாது. வயரிங் முடித்த நாளில் இரவு விளக்கைப் போட்டுச் சோதித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆறு மாதம் கழித்துப் பெரிய பல்பு மாட்டும் நாளில் வீடு இருளும். காப்புத்தடை அளந்தால் எல்லாம் சரியாகவே காட்டும். குறிப்பிட்ட ஒரு விளக்கைப் போட்டால் மட்டும் உடனே விழுகிறது, ஈரமும் இல்லை என்றால் கடன் வாங்கிய நியூட்ரலைத்தான் தேட வேண்டும்.

அறைவாரிப் பிரிவை நான் முழுக்கக் கைவிடவில்லை. புதுச்சேரியில் சுண்ணாம்புக் காரைச் சுவர் கொண்ட பழைய வீடுகளில் புதிதாக வெட்டிப் பைப் புதைப்பது பாவம். இருக்கிற ஒரு பாதையில் அறைக்கு ஒரு சுற்றுதான் போகும். அங்கே ஒவ்வோர் அறைக்கும் நியூட்ரலை வெட்டும் ஆர்சிபிஓ வைத்தால், அறை ஒவ்வொன்றும் உண்மையிலேயே தனித் தீவாகிவிடும். மாடியில், வெள்ளம் எட்டாத அடுக்குக் குடியிருப்புக்கும் அதுவே போதும். தரைத்தளமும் தாழ்வான மனையும் என்றால் மட்டும் என் வாக்கு வேலைவாரிக்கு.

வேலை முடிந்த மாலை, பிளக் பக்கத்து ஆர்சிசிபியை இறக்கிவிட்டு ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பார்த்தோம். மாடிப்படி விளக்கு மட்டும் எரியவே இல்லை. அண்ணன் ஒன்றும் பேசாமல் ஏணியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். "இந்த நியூட்ரல் எப்படி இங்கே வந்தது?" என்று மேலிருந்து அவர் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டது கூடம் வரை கேட்டது.