1,800 திர்ஹம் முற்பணம்: டுபாயில் சொந்தப் பேரில் வீடா, அடுத்தவர் வீட்டில் அறையா?

களுதாவளையிலிருந்து டுபாய்க்குப் போன மச்சான்மார் இரண்டு பேரை வைத்துக்கொள்வோம். மூத்தவர் லிஃப்ட் திருத்துகிற கொம்பனியில் வேலை, இளையவர் ஒரு ஹோட்டல் குசினியில். இரண்டு பேரும் வீட்டு முற்பணமாக ஆளுக்கு 1,800 திர்ஹம் கட்டியிருக்கிறார்கள். தொகை ஒன்றுதான். ஆனால் மூத்தவர் கட்டியது கட்டிடச் சொந்தக்காரருக்கு, இளையவர் கட்டியது அந்த வீட்டை எடுத்து அறை அறையாக விடுகிற இன்னொரு வாடகைக்காரருக்கு. டுபாய்ச் சட்டத்தின் கண்ணில் இந்த இரண்டு காசும் ஒரே காசு இல்லை.

மட்டக்களப்பில் இருந்துகொண்டு மகனுக்கோ தம்பிக்கோ வாட்ஸ்அப்பில் வந்த ஒப்பந்தத்தை வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் மாத வாடகையைத்தான் பார்க்கிறார்கள். "அறை 1,800, வீடு 3,000, அப்ப அறைதானே லாபம் கா" என்று கணக்கு முடிந்துவிடும். நானும் பல வேளை அந்த முடிவுக்கே வருவேன். ஆனால் காரணம் வேறு.

முதலில் மூத்தவர் எடுத்த வழி. வருட வாடகை 36,000 திர்ஹம், நாலு செக். டுபாயில் வாடகை வருடக் கணக்கில்தான் பேசப்படும். பிந்திய திகதியிட்ட செக்குகளைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிட வேண்டும் என்பதால் செக் புத்தகத்தோடு வங்கிக் கணக்கும் தேவை. ஜனவரி முதலாந் திகதி 9,000, பிறகு ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர். முற்பணம் வருட வாடகையில் 5 வீதம், அதாவது 1,800. தளபாடத்தோடு எடுத்தால் 10 வீதம் கேட்பது வழக்கம். தரகருக்கு இன்னுமொரு 5 வீதம், அதற்கு வரியும் சேர்த்தால் 1,890. மின்சாரம், தண்ணீர் இணைப்புக்கு 2,000 வைப்பு, ஒப்பந்தத்தை டுபாய் அரசின் வாடகைப் பதிவேடான இஜாரியில் பதிகிற செலவு ஏறத்தாழ 220. சாவி கைக்கு வருமுன் 15,000 திர்ஹம் அளவில் போய்விடும். மாதா மாதம் வருகிற மின்சார பில்லில் வருட வாடகையின் 5 வீதம் வீட்டுக் கட்டணமாகப் பன்னிரண்டாகப் பிரிந்து வரும், இவருக்கு மாதம் 150. முதல் பில்லைக் கண்டு பலர் மீற்றர் பிழை என்று நினைக்கிற தொகை இது.

இவ்வளவும் கொடுத்து அவர் வாங்குவது அந்த இஜாரிப் பத்திரத்தைத்தான். 2007 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கச் சட்டமும் அதைத் திருத்திய 2008 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டமும்தான் டுபாயில் வீட்டுக்காரருக்கும் வாடகைக்காரருக்கும் இடையில் நிற்பவை. ஒப்பந்தம் முடிந்ததும் முற்பணத்தை அல்லது கழித்த மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டியது வீட்டுக்காரரின் கடமை. புழங்குவதால் வருகிற சாதாரணத் தேய்மானத்துக்குக் கழிக்க முடியாது. வீட்டுக்காரர் மின்சாரத்தைத் துண்டித்தோ பூட்டை மாற்றியோ ஆளை வெளியேற்றுவதற்கும் தடை இருக்கிறது.

நோட்டீஸ் விஷயத்தில்தான் ஆட்கள் குழம்புகிறார்கள். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத மூன்று நிலைமைகள் இருப்பதே காரணம். வாடகையையோ வேறு நிபந்தனையையோ மாற்ற விரும்பினால், வேறு விதமாக இணங்கியிருந்தாலன்றி, ஒப்பந்தம் முடிய 90 நாளுக்கு முன் மற்றவருக்கு அறிவிக்க வேண்டும். இது இரு தரப்புக்கும் பொது. ஒப்பந்தம் முடிகிறபோது ஆளை எழுப்ப வேண்டுமென்றால், இடித்துக் கட்டுவது, ஆள் இருக்க முடியாத அளவு பெரிய திருத்தம், சொந்தப் பாவனை, விற்பனை என்று நாலு காரணங்களில் ஒன்று இருக்க வேண்டும். அதற்கு 12 மாத அறிவித்தல், அதுவும் நொத்தாரிசு மூலமோ பதிவுத் தபாலிலோ. மூன்றாவது, வாடகைக்காரர் இடையில் விட்டுப் போவது. இதற்குச் சட்டத்தில் கதவே இல்லை. இரு பக்கமும் சம்மதித்தாலொழிய வருடம் முடியும்வரை ஒப்பந்தம் கட்டும். அந்தக் கதவை ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் நாமே எழுதி வைத்திருக்க வேண்டும்.

மூத்த மச்சானின் கொம்பனி அவரை ஓகஸ்டில் சவூதிக்கு மாற்றுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பின்னிணைப்பில் "60 நாள் எழுத்து அறிவித்தல், இரண்டு மாத வாடகை நட்டஈடு" என்று இருந்தால் கணக்கு இப்படி வரும். மே 31 அறிவித்தல் கொடுத்து ஜூலை 31 சாவியைக் கொடுக்கிறார். ஏழு மாத வாடகை 21,000, நட்டஈடு 6,000, மொத்தம் 27,000. மூன்று செக்குகளில் சரியாக அதுவே போயிருக்கிறது. ஒக்டோபர் செக்கைக் கையில் திருப்பி வாங்க வேண்டும், முற்பணமும் வர வேண்டும். அந்த ஒரு வரி இல்லையென்றால் ஒக்டோபர் செக்கும் வீட்டுக்காரரின் மேசையில்தான் கிடக்கும், அவர் அதை வங்கியில் போட்டால் ஏன் போட்டீர் என்று கேட்கிற பலம் நமக்குக் குறைவு. "வேலை போனால் விடுவாங்கதானே" என்று வாய்ப்பேச்சில் சொல்லுகிற தரகரிடம் அதை எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

இன்னொன்று. நம்மட ஊர்ப்பக்கம் வீட்டை விடும்போது "கடைசி மாசத்தை அட்வான்சில கழிச்சிக்கொள்ளுங்க அண்ணன்" என்றால் பலரும் ஓம் என்பார்கள். மூத்தவர் அங்கே அதைச் செய்யக் கூடாது. முற்பணம் வாடகை இல்லை, சேதத்துக்கான பிணை. வாடகை நின்றால் வீட்டுக்காரர் அறிவித்தல் அனுப்பி 30 நாளில் தீராவிட்டால் வெளியேற்றக் கேட்டு வாடகைத் தகராறு நிலையத்துக்குப் போகலாம். அந்த வழக்குச் செலவு முற்பணத்தை விழுங்கிவிடும்.

இனி இளையவரின் வழி. டுபாயின் தேராப் பகுதியில் இரண்டு அறை வீடு, அதை எடுத்திருப்பவர் வேறொருவர். அறைக்கு மாதம் 1,800, பில் உட்பட, ஒரு மாத முற்பணம். செக் இல்லை, தரகர் இல்லை, இணைப்பு வைப்பு இல்லை. 3,600 திர்ஹத்தோடு அன்றைக்கே பாயை விரிக்கலாம். ஏழு மாதத்தில் போக நேர்ந்தால் அவர் செலவு 12,600. முற்பணத்தை முழுதாக இழந்தாலும் 14,400தான். மூத்தவரோ அதே ஏழு மாதத்துக்கு வாடகையும் நட்டஈடுமாக 27,000 கொடுத்தார், தரகும் வீட்டுக் கட்டணமும் தனி. ஒரு வருடம் நிற்பது நிச்சயமில்லாத தனி ஆளுக்கு நான் அறையைச் சொல்வது இதனால்தான். முற்பணம் திரும்பி வரும் என்ற நம்பிக்கையில் சொல்வதில்லை.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வாடகைக்காரர் உள்வாடகைக்கு விட்டால், அவரையும் உள்ளே இருப்பவர்களையும் சேர்த்தே வெளியேற்ற முடியும். உள்வாடகைக்காரர் தன் நட்டத்தை முதல் வாடகைக்காரரிடம் கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அவர் ஏற்கெனவே ஆறு பேரிடம் காசு வாங்கி, வீட்டுக்காரருக்குக் கட்டாமல், போனையும் அணைத்துவிட்டவராக இருந்தால் யாரிடம் கேட்பது? பலகை அடித்துப் பிரித்த அறை என்றால் இன்னும் சிக்கல். 2025 நடுவில் டுபாய் மாநகரசபை ரிக்கா, முரக்கபாத், சத்வா, பர்ஷா பகுதிகளில் இப்படியான தடுப்புகளைக் குறிவைத்துச் சோதனை நடத்தியது. தடுப்பை உடைத்தால் அறை போச்சு, அறையை விடுகிற அறைக்காரரோடு எழுதிய ஒப்பந்தம் எதுவும் அங்கே செல்லாது.

காசு கொடுக்குமுன் இளையவர் கேட்க வேண்டியது இஜாரிப் பத்திரத்தின் படம் ஒன்றுதான். அதில் இருக்கும் பெயரும் காசு வாங்குகிறவரின் பெயரும் ஒன்றா, முடிவுத் திகதி எப்போது, உள்வாடகைக்கு வீட்டுக்காரரின் கடிதம் உண்டா என்று பார்க்க வேண்டும். பத்திரம் இன்னும் இரண்டு மாதத்தில் முடிகிறது, ஆனால் ஆள் ஆறு மாதக் காசை முன்கூட்டிக் கேட்கிறார் என்றால் திரும்பிப் பார்க்காமல் நடக்கலாம். கடிதம் இருக்கிறது, வீட்டில் இருப்பவர்களின் பெயரை டுபாய் காணித் திணைக்களத்தின் `Dubai REST` செயலியில் பதிகிறார்கள் என்றால் அது நல்ல வீடு. 2022 முதல் உடன் தங்குகிறவர்களைப் பதியச் சொல்லி விதி இருக்கிறது, மறைத்து விடுகிறவர் அதைச் செய்யத் தயங்குவார். எப்படி இருந்தாலும் ஒரு மாத முற்பணம், ஒரு மாத வாடகை, இவற்றுக்கு மேல் ஒரு சதமும் அறைக்காரர் கையில் இருக்கக் கூடாது. காசு வங்கி வழியாகப் போக வேண்டும்.

முற்பணத்துக்காக வழக்கென்று வந்தால் இரண்டு பேருக்கும் வித்தியாசம் பெரிது. தகராறு நிலையத்தின் கட்டணம் கேட்கும் தொகையில் 3.5 வீதம், ஆனால் ஆகக் குறைந்தது 500 திர்ஹம். 1,800க்காக 500 கட்டி வைக்க மூத்தவருக்கு அர்த்தம் உண்டு, இஜாரி அவர் பேரில் இருக்கிறது. வழக்கு வரைக்கும் போகாமலிருக்க அவருக்கு ஒரு வேலைதான்: சாவி வாங்கிய நாளில் சுவர், குளியலறை, ஏசி, அடுப்பெல்லாம் படமெடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுவது. போகும்போது "முழு வீட்டுக்கும் பெயின்ற் 1,500" என்று கழிக்க வந்தால் அந்தப் படம்தான் பேசும். முற்பணம் எத்தனை நாளுக்குள் வர வேண்டும் என்று சட்டம் நாள் கணக்குச் சொல்வதில்லை, அதனால் "சாவி கொடுத்து 14 நாளுக்குள், இன்ன வங்கிக் கணக்குக்கு" என்று அதே பின்னிணைப்பில் எழுதுவித்துக்கொள்ளலாம். கடைசி மின்சார பில் கட்டிய துண்டும் சாவி ஒப்படைத்த கையெழுத்தும் இல்லாமல் விமானம் ஏறக் கூடாது. ஊருக்கு வந்த பிறகு கேட்பதென்றால் அங்கே ஒருவருக்கு அற்றோர்ணித் தத்துவம் கொடுத்து, உறுதிப்படுத்தி, அனுப்பி என்று செலவு முற்பணத்தைத் தாண்டிவிடும்.

மனைவி பிள்ளைகளைக் கூப்பிடுகிற எண்ணம் இருந்தால் இந்த ஒப்பீடே தேவையில்லை. குடும்ப விசாவுக்கு இஜாரியில் பதிந்த ஒப்பந்தம் கேட்பார்கள், உள்வாடகை அறை அங்கே உதவாது.

இளையவரிடம் இஜாரி இல்லை, அதனால் வழக்குப் பதிவதே அவருக்குத் தலையிடி. அவர் செய்யக்கூடியது, உள்ளே போகிற நாளிலேயே அறைக்காரரிடம் வாட்ஸ்அப்பில் ஒரு வரியை ஒத்துக்கொள்ளச் செய்வது: "30 நாளுக்கு முன் சொன்னால் கடைசி மாத வாடகைக்கு முற்பணத்தை வைத்துக்கொள்கிறேன்." மூத்தவருக்கு வேண்டாம் என்று சொன்ன நம்மட ஊர் வழக்கம் இவருக்கு ஆகச் சிறந்த வழி, ஏனென்றால் காசைத் திருப்பிக் கேட்கிற வேலையே அதோடு இல்லாமல் போய்விடுகிறது. அதற்கு ஓம் என்று எழுதித் தராத அறைக்காரர் முற்பணத்தைத் திருப்பித் தருகிற எண்ணத்தில் வாங்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.