லேபிளில் 120 கோடி செல், உயிரோடு 4 கோடி: திரவ ஈஸ்ட் வாங்கி ஏமாந்த கதை

திரவ ஈஸ்ட் கல்ச்சர் வாங்கப் போகிறவர்கள் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். நான் வாங்கிய பாட்டிலில் ‘மில்லிக்கு 120 கோடி செல்கள்’ என்று அச்சிட்டிருந்தார்கள். கூடவே ஒரு பரிசோதனை அறிக்கையும் வந்தது. பாட்டில் வந்த அன்றே நானே எண்ணிப் பார்த்தேன். 118 கோடி வந்தது. திருப்தியாக இருந்ததால் ‘சரக்கு சரி’ என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். அந்தக் கையெழுத்தைக் காட்டித்தான் பிறகு என் வாயை அடைத்தார்கள்.

நான் எண்ணியது கவுண்டிங் சேம்பரில், அதாவது ரத்த அணுக்களை எண்ணப் பயன்படுத்தும் நியூபாவர் சில்லில். பார்க்கத் தடித்த கண்ணாடித் துண்டு போலத்தான் இருக்கும். நடுவில் நுண்ணிய கோடுகள் கீறிய ஒரு மேடை. அதன் இரண்டு பக்கமும் உள்ள விளிம்புகள் மேடையைவிட 0.1 மி.மீ. உயரம். விளிம்புகளின் மேல் கவர் கிளாஸை வைத்தால், கண்ணாடிக்கும் மேடைக்கும் நடுவே எப்போதும் அதே 0.1 மி.மீ. இடைவெளி கிடைக்கும். மேடையின் நடுச் சதுரம் ஒரு மி.மீ. நீளம், ஒரு மி.மீ. அகலம். ஆக அந்தச் சதுரத்தின் மேல் நிற்கும் திரவம் ஒரு மில்லியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதில் எத்தனை செல் என்று தெரிந்தால் பத்தாயிரத்தால் பெருக்கினால் போதும், ஒரு மில்லியின் கணக்கு வந்துவிடும்.

அந்த நடுச் சதுரம் 25 கட்டங்களாகப் பிரிந்திருக்கும். எல்லாவற்றையும் எண்ண வேண்டியதில்லை. நாலு மூலையும் நடுவும் என ஐந்து கட்டம் எண்ணினால் போதும். கோட்டின் மேல் கிடக்கும் செல்களில் மேல் கோட்டையும் இடது கோட்டையும் தொடுவதை மட்டும் சேர்த்துக்கொள்வோம், மற்ற இரண்டு கோட்டையும் விட்டுவிடுவோம். இல்லாவிட்டால் ஒரே செல் இரண்டு கட்டத்தில் கணக்காகிவிடும். ஈஸ்ட்டில் மொட்டு விட்ட செல்லுக்கும் ஒரு விதி வேண்டும். மொட்டு தாய் செல்லின் பாதி அளவாவது இருந்தால் அதைத் தனிச் செல்லாக எண்ணுவது என் வழக்கம்.

கல்ச்சரை அப்படியே ஏற்றினால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும், எண்ண முடியாது. அதனால் நூறு மடங்கு நீர்த்தேன். ஐந்து கட்டங்களில் வந்தவை 44, 51, 47, 49, 45. மொத்தம் 236, சராசரி 47.2. அதை 25 ஆல் பெருக்கினால் நடுச் சதுரத்துக்கு 1180. பத்தாயிரத்தால் பெருக்கினால் மில்லிக்கு 1.18 கோடி. நூறு மடங்கு நீர்த்ததைத் திரும்பப் பெருக்கினால் 118 கோடி. லேபிளோடு ஒத்துப்போனது. எண்ணியதிலும் பெருக்கியதிலும் ஒரு தப்பும் இல்லை.

அடுத்த நாள் பத்து லிட்டர் மொலாசஸ் கரைசலில் சேர்த்தேன். மில்லிக்கு ஒரு கோடி உயிருள்ள செல் வேண்டும் என்று கணக்குப் போட்டால் மொத்தம் பத்தாயிரம் கோடி. 118 கோடியால் வகுத்தால் 85 மில்லி கல்ச்சர். ஊற்றினேன். முதல் நாள் நுரையே இல்லை. இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் புளித்த வாடை வந்தது. ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஈஸ்ட்டுக்கு நடுவே பாக்டீரியா நீந்திக்கொண்டிருந்தது. பத்து லிட்டரையும் கொட்ட வேண்டியதாயிற்று.

அப்புறம்தான் மீதிக் கல்ச்சரைப் பிளேட்டில் போட்டேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. பத்து பத்து மடங்காக நீர்த்துக்கொண்டே போய், ஒவ்வொரு நீர்ப்பிலிருந்தும் 0.1 மில்லி எடுத்து, பிளேட்டில் உள்ள அகார் மேல், அதாவது ஈஸ்ட் வளரச் சத்து சேர்த்த ஜெல் மேல், பரப்ப வேண்டும். 30 டிகிரியில் இரண்டு நாள் வைத்தால் செல் பெருகிக் குவிந்த புள்ளிகள், அதாவது காலனிகள், கண்ணுக்குத் தெரியும். பத்தாயிரம் மடங்கு நீர்த்த பிளேட்டில் காலனிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. பத்து லட்சம் மடங்கு நீர்த்ததில் நாலைந்துதான், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. லட்சம் மடங்கு நீர்த்த மூன்று பிளேட்டில் 38, 43, 42. சராசரி 41. முப்பதிலிருந்து முந்நூறுக்குள் இருப்பதால் இது எடுத்துக்கொள்ளக்கூடிய பிளேட். பரப்பியது மில்லியில் பத்தில் ஒரு பங்கு, நீர்ப்பு லட்சம் மடங்கு, ஆக மில்லிக்கு 4.1 கோடி.

118 எங்கே, 4.1 எங்கே? நூற்றுக்கு மூன்றரை. அதாவது நான் ஊற்றிய 85 மில்லி, பத்து லிட்டரில் மில்லிக்கு வெறும் மூன்றரை லட்சம் உயிருள்ள செல்லைத்தான் கொடுத்திருக்கிறது. தேவைப்பட்டது ஒரு கோடி. பாக்டீரியா முந்திக்கொண்டதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

சேம்பரில் நாம் பார்ப்பது செல்லின் உருவத்தை. செத்த ஈஸ்ட்டின் சுவர் உடனே கரைந்துவிடாது. பல நாள் கழித்தும் அதே முட்டை வடிவில் அங்கேயே கிடக்கும். சாயம் சேர்க்காமல் பார்த்தால் உயிருள்ளதும் செத்ததும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பிளேட்டிலோ பிளந்து பெருகக்கூடிய செல் மட்டும்தான் காலனி ஆகும். முன்னது மொத்த எண்ணிக்கை, பின்னது பெருகக்கூடியவற்றின் எண்ணிக்கை. இரண்டையும் ‘செல் எண்ணிக்கை’ என்ற ஒரே பெயரில் லேபிளில் எழுதலாம். என்னைச் சிக்க வைத்தது அந்த ஒற்றைச் சொல்தான்.

விற்றவர்களிடம் போனில் பேசினேன். “சார், நீங்களே எண்ணிப் பார்த்துச் சரின்னு எழுதிக் கொடுத்திருக்கீங்களே” என்றார்கள். பிளேட் எண்ணிக்கையைச் சொன்னதும் வேறு மூன்று காரணம் வந்தது. என் அகார் கெட்டுப்போயிருக்கும், நான் சூட்டில் வைத்துச் சாகடித்திருப்பேன், செல்கள் கொத்தாக ஒட்டியிருக்கும் என்றார்கள். இதே பதில் உங்களுக்கும் வரலாம் என்பதால் மூன்றையும் எப்படிச் சோதித்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

அகார் கெட்டதா என்று பார்க்க, எங்களிடம் இருந்த வேறொரு ஈஸ்ட்டை முந்தின நாள் இரவு புதிதாக வளர்த்து, அதே சேம்பரிலும் அதே தடவை ஊற்றிய அகாரிலும் எண்ணினேன். சேம்பரில் மில்லிக்குப் பத்து கோடி, பிளேட்டில் 8.9 கோடி. நன்றாக இருக்கும் கல்ச்சரில் இரண்டும் இப்படித்தான் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பிளேட் கொஞ்சம் குறைவாக வருவது இயல்பு. ஆகவே அகாரும் என் கையும் சரி.

சூட்டில் வைத்தேனா என்பதற்கு இரண்டாவது பாட்டில் பதில் சொன்னது. வந்த நாளிலிருந்து சீல் உடைக்காமல் 4 டிகிரியில் இருந்தது. அதைத் திறந்து எண்ணினேன், சேம்பரில் 121 கோடி, பிளேட்டில் 3.8 கோடி. அதே கதை.

கொத்து என்ற வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஐந்து செல் ஒட்டிக் கிடந்தால் சேம்பரில் ஐந்து என்று எண்ணுவோம், பிளேட்டில் அது ஒரே காலனிதான். அதனால்தான் பிளேட் முடிவைச் செல் என்று சொல்லாமல் காலனி உருவாக்கும் அலகு, சிஎஃப்யூ, என்று எழுதுகிறார்கள். ஆனால் இந்த வித்தியாசம் முழுக்கக் கொத்தால் வர வேண்டுமானால் ஒவ்வொரு கொத்திலும் ஏறக்குறைய 29 செல் இருக்க வேண்டும். சேம்பரில் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை தனித்தனியாகவும் இரண்டிரண்டாகவும்தான் கிடந்தன.

சந்தேகமே இல்லாமல் செய்தது மெத்திலீன் புளூ. நீர்த்த கல்ச்சரோடு சம அளவு சாயம் கலந்து, பத்து நிமிடத்துக்குள் சேம்பரில் எண்ண வேண்டும். உயிருள்ள செல் சாயத்தை நிறமற்றதாக மாற்றிவிடும், செத்தது நீலமாகவே நிற்கும். 236 செல் எண்ணினேன். 219 நீலம், 17 நிறமற்றவை. நூற்றுக்கு ஏழு. பிளேட் சொன்ன மூன்றரையைவிட இது அதிகம்தான். செத்தவை நிறைய இருக்கும் கல்ச்சரில் மெத்திலீன் புளூ உயிருள்ளவற்றைக் கூட்டித்தான் காட்டும். பிளந்து பெருகும் சக்தி போனபின்பும் சில செல்கள் சாயத்தை நிறம் மாற்றும். என்றாலும் சாயம் கலந்து பார்க்க அரை மணி நேரம் போதும். இரண்டு நாள் காத்திருக்க முடியாதவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதையாவது செய்துவிடுங்கள்.

இதனால் சேம்பரை மட்டமாக நினைக்க வேண்டாம். கண்ணெதிரே, சில நிமிடங்களில், மொத்தம் எத்தனை என்று அது சொல்லும். பிளேட் மட்டும் போட்டிருந்தால் எனக்கு 4.1 கோடி என்ற எண் மட்டுமே கிடைத்திருக்கும். முதலிலேயே கொஞ்சமாக நிரப்பினார்களா, நிறைய நிரப்பியது செத்துப்போனதா என்று தெரிந்திருக்காது. இரண்டையும் சேர்த்துப் பார்த்ததால்தான் இது ஒருகாலத்தில் நன்றாக வளர்ந்து, பிறகு பழசாகிப்போன சரக்கு என்று புரிந்தது. அறிக்கையை எடுத்துத் திரும்பப் பார்த்தேன். எண்ணிய தேதியும் இல்லை, எந்த முறையில் எண்ணினார்கள் என்றும் இல்லை.

ஆனால் சேம்பரை நம்புவதற்கும் ஒரு எல்லை உண்டு. நடுச் சதுரம் முழுக்க ஒரே ஒரு செல் இருந்தால்கூட மில்லிக்குப் பத்தாயிரம் என்று ஆகிவிடும். அதனால் மில்லிக்குச் சில லட்சத்துக்குக் கீழே உள்ள கல்ச்சரில் சேம்பர் எண்ணிக்கைக்கு மதிப்பு குறைவு. கவர் கிளாஸும் அதற்கென்று வரும் தடித்ததாக இருக்க வேண்டும். விளிம்பில் அழுத்தி வைக்கும்போது வானவில் நிற வளையங்கள் தெரிந்தால் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். திரவம் பள்ளத்தில் வழிந்தால் கண்ணாடி தூக்கிக்கொள்ளும், ஆழம் மாறும், எண்ணிக்கை ஏறிப்போகும். கழுவித் துடைத்து மறுபடி ஏற்றுவதைத் தவிர வழியில்லை.

பணம் திரும்ப வரவில்லை. ‘உயிருள்ள’ என்று லேபிளில் எங்கும் எழுதவில்லை என்பதுதான் அவர்களுடைய கடைசிப் பதில், எழுத்திலேயே வந்தது. இப்போது நான் ஆர்டரில் எழுதும் வரி இது: ‘அனுப்பும் நாளுக்கு முந்தைய ஏழு நாளுக்குள் எடுத்த பிளேட் எண்ணிக்கை, சிஎஃப்யூ / மில்லி, நீர்ப்பும் காலனி எண்ணிக்கையும் தேதியும் சேர்த்து, அதே மாதிரியின் சேம்பர் எண்ணிக்கை தனியாக.’ இந்த வரியைப் பார்த்ததும் இரண்டு பேர் பதிலே போடவில்லை. மூன்றாமவர் நான்கு பிளேட்டின் காலனி எண்ணிக்கையோடு அனுப்பினார், அவரிடம்தான் வாங்கியிருக்கிறேன்.