வெசாக் கிழமையில் சப்ளையர் காசு: செக் அச்சடிப்பதா, வங்கிக்குக் கோப்பு அனுப்புவதா?

2025 மே 9, வெள்ளிக்கிழமை. கொழும்பில் கிராண்ட்பாஸ் பக்கம் பேக்கரி நடத்தும் ஒரு கம்பனியை உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வெள்ளியும் பேமென்ட் ரன், அதாவது சப்ளையர் பில்களை மொத்தமாகத் தெரிந்து கட்டும் வேலை; அடுத்தது 16ஆம் திகதி. இடையில் சனி, ஞாயிறு போக, 12உம் 13உம் வெசாக் விடுமுறை. வங்கி மறுபடி திறப்பது 14, புதன்கிழமை. மா கொடுக்கும் சப்ளையருக்கு 12ஆம் திகதி 640,000 ரூபாய் கட்டவேண்டும். கேக் பெட்டி கொடுப்பவருக்கு 15ஆம் திகதி 285,000. இவர்களைப் போல இன்னும் நாற்பது பேர்.

ஆளுக்கொரு செக் அச்சடிக்கலாம்; அல்லது யாருக்கு எவ்வளவு என்ற பட்டியலை ஒரே கணினிக் கோப்பாக வங்கி இணையத்தில் ஏற்றலாம். செக்கா கோப்பா என்று பார்ப்பதற்கு முன், ரன் யாரைத் தெரிவு செய்கிறது என்று தெரியவேண்டும். கணக்கு மென்பொருள் இன்று தவணை வந்ததை மட்டும் எடுப்பதில்லை. ‘அடுத்த ரன் எப்போது’ என்று நாம் கொடுத்த திகதியையும் பார்த்து, அதுவரை விட்டால் தவணை தாண்டிவிடும் பில்களையும் இன்றைய பட்டியலுக்குள் இழுக்கும். ஆகவே 15ஆம் திகதிப் பெட்டிக்காரரும் 9ஆம் திகதிப் பட்டியலில் இருப்பார். அடுத்த ரன் திகதியை 16 என்று மாற்றாமல், போன வாரம் கொடுத்த 9ஆகவே விட்டுவிட்டால் அவர் விடுபட்டு, ஒரு நாள் பிந்தித்தான் காசு காண்பார். செக்கானாலும் கோப்பானாலும் இந்தப் பட்டியல் ஒன்றுதான். வித்தியாசம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

திகதியைக் காப்பாற்றுவது எது?

மாக்காரருக்கு 12 என்று திகதி போட்டு செக் கொடுத்தால், அவர் அதை 14ஆம் திகதிதான் வங்கியில் போடலாம். நம் ஊரில் 2006 முதல் செக்கின் படம்தான் வங்கிக்கு வங்கி போகிறது. தாள் போட்ட வங்கியிலேயே நின்றுவிடும். அப்படியிருந்தும் காசு கைக்கு வர அடுத்த வேலைநாள் ஆகும். ஆக, 15. கோப்பில் போட்டு வங்கிக்கு வங்கி காசு அனுப்பும் ஸ்லிப்ஸ் வழியாக, காசு விழவேண்டிய நாளான மதிப்புத் திகதியை 14 என்று கொடுத்தால், வங்கி சொல்லும் நேரத்துக்குள் கோப்பு ஏறியிருக்கும் பட்சத்தில், அன்றைக்கே அவர் கணக்கில் விழும். விடுமுறைக்கு முன்பே கேட்கிறார் என்றால் 9ஆம் திகதியே அனுப்பலாம். செக்கில் அந்த வழி இல்லை. 9ஆம் திகதி செக்கை அன்றே வங்கியில் போட்டாலும், அவர் காசைத் தொடுவது 14ஆம் திகதிதான்.

பெட்டிக்காரரை 9ஆம் திகதி பட்டியலில் எடுத்தாலும் அன்றே காசை விடத் தேவையில்லை. வங்கி இணையத்தில் எதிர்காலத் திகதி கொடுக்க வசதியிருந்தால் அவருடைய தொகைக்கு 15 என்று போடலாம். ஒரே ரன், இரண்டு மூன்று மதிப்புத் திகதி. திகதி விஷயத்தில் என் வாக்கு கோப்புக்குத்தான், யோசிக்கவே வேண்டியதில்லை.

பிழை எங்கே ஒளிந்திருக்கும்?

இங்கேதான் இரண்டும் உண்மையாகவே வேறுபடுகின்றன. செக்கில் பிழை தாளில் இருக்கும். கோப்பில் பிழை கணக்கு இலக்கத்தில் இருக்கும்.

செக்கின் மோசமான பிழை தொகைப் பிழை அல்ல. அது செக் இலக்கம் ஒன்று தள்ளிப்போவது. பிரிண்டரில் 451207 என்ற தாள் சிக்கிக் கிழிகிறது என்று வையுங்கள். மென்பொருள் அந்த இலக்கத்தை மாக்காரருக்கு எழுதிவிட்டது. பையன் கிழிந்ததை எறிந்துவிட்டு அடுத்த தாளில் மாக்காரருடைய செக்கை அடிக்கிறான். இப்போது கையில் 451208 மாக்காரருக்கு, 640,000. கணக்கிலோ 451208 பெட்டிக்காரருக்கு, 285,000. யாருக்கும் தெரியாது, ஏனென்றால் ஒவ்வொரு செக்கும் பார்வைக்குச் சரி. இரண்டு நாள் கழித்துப் பெட்டிக்காரர் ‘செக் தொலைஞ்சு போச்சு’ என்கிறார். நாம் கணக்கைப் பார்த்து 451208ஐ நிறுத்தச் சொல்லி வங்கிக்கு எழுதுகிறோம். திரும்பி வருவது மாக்காரருடைய செக். தொலைந்த செக்கோ யார் கையிலோ உயிரோடு இருக்கிறது.

தடுப்பது எளிது. கட்டின் கடைசித் தாளிலுள்ள இலக்கத்தை மென்பொருளின் கடைசி இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்துக்கு அனுப்புவது. கிழிந்த தாளை எறியாமல், குறுக்கே கோடிட்டு, கணக்கிலும் ரத்துச் செய்து பத்திரப்படுத்துவது. ரிப்பன் மங்கலான டொட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இன்னொரு தொல்லை: கண்ணுக்குத் தெரிகிற எழுத்து ஸ்கேன் செய்த படத்தில் தெரியாமல் போகலாம். அடியிலுள்ள காந்த மை வரியில் ரப்பர் முத்திரை படவே கூடாது.

கோப்பின் பிழைக்குக் காரணம் பெரும்பாலும் எக்செல். மென்பொருள் தந்த கோப்பை ‘சும்மா ஒருக்காப் பார்ப்போம்’ என்று திறந்து சேமித்தால், முன்னாலுள்ள பூச்சியங்கள் போய்விடும். 007 என்ற கிளை இலக்கம் 7 ஆகும். 12 இலக்கக் கணக்கு 1.23457E+11 என்று காட்டும். CSV கோப்பாகச் சேமித்தால் அப்படியே பதிந்து, மிச்ச இலக்கங்கள் மீள வராது. பூச்சியம் போன வரி அநேகமாக ஏற்றும்போதே மாட்டும். பயப்படவேண்டியது, ஓர் இலக்கம் மாறி வேறு யாருடையதோ உண்மையான கணக்காக அமைந்துவிடுவது. காசை வழிநடத்துவது கணக்கு இலக்கம். பெயர் காப்பாற்றும் என்று நம்பியிருக்க முடியாது.

ஆகவே மென்பொருள் பட்டியலில் எத்தனை வரி, மொத்தத் தொகை எவ்வளவு என்பதை எழுதி வைத்து, வங்கித் திரையில் காட்டுவதோடு பார்க்கவேண்டும். அது மட்டும் போதாது. இடையில் யாராவது கணக்கு இலக்கத்தை மாற்றினால் தொகையும் வரியும் மாறாது. அதற்காகக் கணக்கு இலக்கங்களை எல்லாம் வெறும் எண்களாகக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையையும் ஒப்பிடுவார்கள். அர்த்தமில்லாத எண்தான், ஆனால் ஓர் இலக்கம் மாறினாலும் காட்டிக்கொடுக்கும். ‘எங்கட கணக்கு மாறிவிட்டது’ என்று சப்ளையர் பெயரில் வரும் மோசடி மின்னஞ்சலுக்கு இது உதவாது. அதற்குப் பழைய தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேட்பதுதான் வழி, மின்னஞ்சலில் உள்ள இலக்கத்துக்கு அல்ல.

செக்குக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு: வங்கியில் போடும்வரை நிறுத்தலாம். கோப்பில் போன காசு மற்றவர் கணக்கில் விழுந்தபின், அவர் சம்மதித்தால்தான் திரும்பும். வங்கி இணையம் நடுவில் தொங்கினால், போனதா இல்லையா என்று பாராமல் இரண்டாந்தரம் ஏற்றுவது இதனால்தான் ஆபத்து.

புறக்கோட்டை முதலாளிக்கு?

இத்தனை சொல்லியும், கறுவா, ஏலம் தரும் புறக்கோட்டை முதலாளி சரக்கு இறக்கும்போதே 45 நாள் தள்ளித் திகதி போட்ட செக் கேட்பார். கோப்பு வேகமானது என்று அவருக்கு விளக்கிப் பயனில்லை. அவருக்கு அந்த செக் கொடுப்பனவு அல்ல, கடனுக்குப் பிடி. கணக்கில் காசில்லை என்று தெரிந்தே செக் எழுதுவது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டு விசேட ஏற்பாடுகள் சட்டப்படி குற்றம். எதிர்காலத் திகதியிட்ட வங்கிக் கோப்பு அவருக்கு அப்படியொரு பிடியைத் தராது; நாம் அதை இரவோடிரவாக ரத்துச் செய்துவிடலாம். ஆகவே அவருக்குச் செக்தான், ஆனால் அவரைப் பேமென்ட் ரன்னிலிருந்து விலக்கி வைக்கவேண்டும். பில்லைத் தடுத்து வைக்காவிட்டால், தவணை நெருங்கும்போது ரன் அவரையும் கோப்பில் சேர்த்து இரட்டிப்பாகக் கொடுத்துவிடும்.

மற்ற எல்லோருக்கும் கோப்பு. புதிதாக வருபவருக்கு முதலில் ஒரு சிறிய தொகை அனுப்பி, கிடைத்தது என்று அவர் சொன்ன பிறகே முழுத்தொகை. கோப்பில் திரும்பி வரும் வரிகளை மட்டும் கவனமாகப் பார்க்கவேண்டும்: பில் ‘கட்டியாச்சு’ என்று மென்பொருளில் ஏற்கெனவே மூடப்பட்டிருக்கும். காசு திரும்பியதை வங்கி வரவாக மட்டும் பதிந்தால், 16ஆம் திகதிப் பட்டியலில் அந்தச் சப்ளையர் வரமாட்டார். மூடியதை மீளத் திறந்து, பழைய தவணைத் திகதியோடேயே விடவேண்டும்.