ஹார்க்குடன் ஐந்து ஆண்டுகள்: பத்தில் ஒரு தோல்வியை ஏன் அப்படியே விட்டுவைத்தேன்

எல்டிஇ அலைபேசி இணைப்பை ஆராய்வதற்காக ஒரு சிறு சோதனை அமைப்பை ஐந்து ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். ஒரே கணினியில் `srsenb` அடிநிலையமாகவும் `srsue` பயனர் கருவியாகவும் இயங்குகின்றன. இரண்டு ரேடியோ கருவிகளுக்கு நடுவே ஒரு கேபிளும் சமிக்ஞையைக் குறைக்கும் அட்டெனுவேட்டரும் உள்ளன. இத்தனை காலத்தில் நான் அதிகம் கவனித்தது, ஹார்க் எனப்படும் கலப்பு தானியங்கி மறு அனுப்பல் முறையைத்தான். பிழையோடு வந்த தரவுத் துண்டை எறிந்துவிடாமல் சேமித்துவைத்து, அடுத்து வரும் பிரதியோடு கூட்டிப் படிக்கும் முறை அது.

தொடக்கத்தில் நான் செய்த தவறிலிருந்தே சொல்லிவிடுகிறேன். `srsenb` திரையில் `ok`, `nok` என்று இரண்டு எண் நெடுவரிசைகள் ஓடும். சமிக்ஞை நன்றாக இருந்தபோதும் தோல்வி விகிதம் 10 சதவீதத்தை ஒட்டியே நின்றதைப் பார்த்து, அமைப்பில் ஏதோ கோளாறு என்று நினைத்துவிட்டேன். தோல்வி இலக்கைக் குறிக்கும் `target_bler` மதிப்பை 0.1-இலிருந்து 0.01 ஆக்கினேன். தோல்விகள் மறைந்தன, ஆனால் பதிவிறக்க வேகமும் கண்கூடாகக் குறைந்தது. `nok` நெடுவரிசை எண்ணுவது தொலைந்த தரவை அன்று, தோற்ற முயற்சிகளை மட்டுமே என்பது அதன் பிறகே புரிந்தது.

வேகம் குறைந்ததற்கான காரணத்தை ஒரு கணக்கால் காட்டலாம். 3000 பிட்டுகள் கொண்ட 100 துண்டுகளை, துண்டுக்கு ஒரு மில்லி விநாடி வீதம் அனுப்புவதாகக் கொள்வோம். பத்து தோற்று, அந்தப் பத்தும் இரண்டாம் முறையில் தேறிவிட்டால் மொத்தம் 110 மில்லி விநாடி ஆகும். தோல்வியை ஒரு சதவீதமாக்க வேண்டுமானால் ஒவ்வொரு துண்டிலும் பாதுகாப்புப் பிட்டுகளைக் கூட்டி, தரவைக் குறைக்க வேண்டும். அது 2400 பிட்டாகச் சுருங்குகிறது என்று வைத்தால் அதே தரவுக்கு 125 துண்டுகள் வேண்டும், ஒன்றிரண்டு மறு அனுப்பலோடு 126 மில்லி விநாடி. பத்து துண்டுகளைக் காப்பாற்றுவதற்காக எல்லாத் துண்டுகளுக்கும் கூடுதல் காப்பு போட்டதால் வானலை நேரம் அந்த அளவுக்கு வீணாகிறது. 2400 என்பது விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்தான் என்றாலும், என் பதிவுகளில் வேறுபாடு எப்போதும் இதே திசையில்தான் இருந்தது.

அந்தப் பத்தும் இரண்டாம் முறையில் தேறிவிடும் என்று எடுத்துக்கொள்ள இடமளிப்பது மென்சேர்ப்பு. பெறும் கருவி ஒவ்வொரு பிட்டையும் உடனே 0 என்றோ 1 என்றோ முடிவுகட்டுவதில்லை. எந்தப் பக்கம், எவ்வளவு உறுதியோடு என்பதை ஓர் எண்ணாக வைத்துக்கொள்கிறது. 3000 பிட்டுகளை, பிழை திருத்த உதவும் டர்போ குறியீடு சுமார் 9000 பிட்டுகளாக விரிக்கிறது. அவை ஒரு வட்டத்தில் அடுக்கப்பட்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் அனுப்பல் வட்டத்தின் எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்பதை அதன் வடிவ எண் சொல்கிறது. முதல் அனுப்பலான வடிவம் 0, வட்டத்தின் தொடக்கத்திலிருந்து 4000 பிட்டுகளை எடுத்துச்செல்கிறது என்றால், அதில் மூலத் தரவின் பெரும்பகுதியும் சிறிது சோதனைப் பிட்டும் இருக்கும். இது தோற்றால் அடுத்து வழக்கமாக வருவது வடிவம் 2. அது வட்டத்தின் நடுவிலிருந்து தொடங்குவதால், அதன் 4000 பிட்டுகளும் முன்பு வராத புதிய சோதனைப் பிட்டுகள். இரண்டையும் சேர்த்தால் 3000 பிட்டுகளுக்கு 8000 பிட்டுகளின் சாட்சியம் கிடைக்கிறது. நான்கில் மூன்றாக இருந்த குறியீட்டு விகிதம் எட்டில் மூன்றாக இறங்கிவிடுகிறது. அடுத்தடுத்த வடிவங்களில் பழைய பிட்டுகளே மீண்டும் வரும்போது பழைய எண்ணும் புதிய எண்ணும் கூட்டப்படுகின்றன. ஒரே பிரதியை இருமுறை அனுப்பிக் கூட்டினாலே, சமிக்ஞையின் ஆற்றல் இரட்டித்ததற்கு ஒப்பான 3 டெசிபெல் ஆதாயம் கிடைக்கும்.

இதற்கான விலை தாமதம். துண்டு வந்த 4 மில்லி விநாடியில் ஏற்பு அல்லது மறுப்புச் செய்தி திரும்புகிறது, மறு அனுப்பல் முதல் அனுப்பலிலிருந்து 8 மில்லி விநாடியில் வருகிறது. அந்த இடைவெளி வெறுமையாகக் கிடக்காமலிருக்க எட்டு ஹார்க் செயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இயங்குகின்றன. இரு முனைகளும் ஒரே கணினியின் கடிகாரத்தைப் பகிர்வதால் ஒருவழித் தாமதத்தை நான் நேராக அளக்க முடிந்தது. வரைபடத்தில் பெரும் குவியல் ஒன்றும், 8 மில்லி விநாடி தள்ளிச் சிறு குவியலும், 16-இல் மிகச் சிறியதும் தெரிந்தன. முதலிரண்டு குவியல்களின் உயர விகிதம் தோல்வி விகிதத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போனது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது.

இந்தக் குவியல்களுக்கு வெளியே வெகுதூரம் தள்ளி விழும் புள்ளிகளைத்தான் கவலையோடு பார்க்க வேண்டும். மறுப்பை அடிநிலையம் ஏற்பு என்று தவறாகப் படித்துவிட்டால், அது அடுத்த தரவுக்குப் போய்விடும். அந்த ஓட்டையை மேலடுக்கான ஆர்எல்சி தன் காத்திருப்பு நேரம் கடந்த பிறகே கண்டுபிடித்துக் கேட்கும், அதற்குப் பல பத்து மில்லி விநாடிகள் ஆகும். `nok` நெடுவரிசை வழக்கம்போல் இருக்க, தாமதம் மட்டும் அவ்வப்போது எகிறினால் நான் முதலில் ஐயுறுவது, திரும்பி வரும் கட்டுப்பாட்டுச் செய்தியின் தரத்தையே.

இதையொத்த இன்னொரு சிக்கலும் உண்டு. பயனர் கருவி, துண்டு வருவதை அறிவிக்கும் கட்டுப்பாட்டுச் செய்தியையே தவறவிட்டால் மறுப்பும் அனுப்பாது. பதில் இல்லாமையையும் மறுப்பையும் அடிநிலையம் பிரித்தறியாமல் வடிவம் 2-ஐ அனுப்பினால், கருவியிடம் கூட்டுவதற்குப் பழைய துண்டே இருக்காது. வந்ததோ முழுக்கச் சோதனைப் பிட்டுகள், அவற்றை மட்டும் வைத்து மூலத்தை மீட்பது கடினம். அந்நிலையில் வடிவம் 0-ஐ மறுபடி அனுப்புவதே சரி.

நான்காம் ஆண்டில்தான் மென்சேர்ப்பு தீங்கு செய்யும் ஒரு நிலையையும் கண்டேன். மூன்றாவது கருவியால் குறுகிய இடையூற்று வெடிப்புகளைச் செலுத்தியபோது, சில துண்டுகள் மறு அனுப்பல் தெளிவாக வந்தும் தேறவில்லை. வெடிப்பு, துண்டின் ஒரு பகுதியை மட்டும் தாக்கியிருந்தது. கருவியோ இரைச்சலை முழுத் துண்டுக்கும் சராசரியாக மதிப்பிட்டதால், தாக்குண்ட பிட்டுகளுக்கும் மிகுந்த உறுதி கொண்ட தவறான எண்களைக் கொடுத்திருந்தது. நல்ல பிரதி வந்து கூட்டியும் அந்த எண்களை வெல்ல முடியவில்லை. பதிவுசெய்த மாதிரிகளை எடுத்து, பழைய சேமிப்பு இல்லாமல் வடிவம் 0-இன் புதிய பிரதியை மட்டும் படித்துப் பார்த்தபோது அது தேறியது, ஐயம் அத்துடன் தீர்ந்தது. மென் எண்களின் மேல்வரம்பைக் குறைத்த பின் இந்தத் தொடர் தோல்விகள் பெரும்பாலும் நின்றன. ஆனால் இடையூறு இல்லாத நேரத்தில் சிறிதளவு ஆதாயத்தையும் அது எடுத்துக்கொண்டது.

இப்போது பெருந்தரவுப் பதிவிறக்கச் சோதனைகளுக்கு `target_bler` 0.1 என்றே வைத்திருக்கிறேன். தாமதமே முதன்மையான சோதனைகளுக்கு மட்டும், வானலை நேரம் கூடுதலாகச் செலவாகும் என்று தெரிந்தே, அதைக் குறைக்கிறேன்.