கிரியேட்டினினா, கீட்டோனா, லாக்டேட்டா: ஆனயான் இடைவெளி உயர்ந்தால் எதை முதலில் பார்ப்பது?

நீரிழிவும் சிறுநீரகப் பாதிப்பும் சேர்ந்த ஒருவருக்கு இரத்தத்தில் அமிலம் கூடி, அளக்கப்படும் நேர்மின் அயனிகளுக்கும் எதிர்மின் அயனிகளுக்கும் உள்ள வேறுபாடான ஆனயான் இடைவெளியும் உயர்ந்திருந்தால், காரணத்தைத் தேட இரண்டு வழிகள் உள்ளன. சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினினையும், சிறுநீரில் கீட்டோனைக் காட்டும் சிறுநீர்ப் பட்டையையும் வைத்து முடிவு செய்வது ஒன்று; இரத்த லாக்டேட்டையும் பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் என்ற கீட்டோனையும் நேரடியாக அளந்து கணக்குப் பார்ப்பது மற்றொன்று. நான் இரண்டாவது வழியையே பின்பற்றி வருகிறேன்.

முதல் வழி மலிவானது, விரைவானது, எங்கும் கிடைப்பது. அதன் நன்மைகளைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. அதன் குறை வேறிடத்தில் இருக்கிறது. கிரியேட்டினின் உயர்ந்திருப்பது சிறுநீரகம் பழுதாகியிருப்பதைச் சொல்லுமே தவிர, இப்போதைய அமிலம் அதனால்தான் வந்தது என்று சொல்லாது. சிறுநீரகச் செயலிழப்பில் சல்பேட், பாஸ்பேட் போன்றவை தேங்குவதால் இடைவெளி உயர்வது உண்மை. ஆனால் அந்த உயர்வு மெதுவாகவும் மிதமாகவும்தான் இருக்கும். பைகார்பனேட்டும் பெரும்பாலும் 12-க்குக் கீழே போவதில்லை. சில மணி நேரத்தில் அமிலம் கடுமையானால் சிறுநீரகத்தை மட்டும் காரணமாகச் சொல்ல நான் தயங்குவேன்.

சிறுநீர்ப் பட்டையின் சிக்கல் இன்னும் ஆழமானது. அதிலுள்ள நைட்ரோபுரூசைடு என்ற வேதிப்பொருள் அசிட்டோஅசிட்டேட் என்ற மற்றொரு கீட்டோனைத்தான் காட்டுகிறது. பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட்டைக் காட்டுவதில்லை. நீரிழிவுக் கீட்டோ அமிலத்தில் பின்னதே ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுந்திருக்கும். இரத்த ஓட்டம் குன்றி லாக்டேட்டும் கூடும்போது அந்த விகிதம் மேலும் உயரும். ஆகவே நோய் கடுமையாகும்போதே பட்டை மங்கலாகத் தெரிய வாய்ப்புண்டு. போதாக்குறைக்கு, பழைய ஜாஃபே முறையில் கிரியேட்டினினை அளக்கும் ஆய்வகங்களில் அசிட்டோஅசிட்டேட் குறுக்கிட்டு அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். ஒரே பொருள் ஒரு சோதனையில் கீட்டோனைக் குறைத்துச் சொல்லவும், மற்றொன்றில் சிறுநீரகத்தின் மீது பழியைக் கூட்டவும் இப்படித்தான் வழி பிறக்கிறது.

கணக்கு எப்படி நடக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். இரண்டு நாள் வாந்தியுடன் வந்த நீரிழிவு நோயாளிக்குச் சோடியம் 136, குளோரைடு 100, பைகார்பனேட் 8, அல்புமின் 3.2, கிரியேட்டினின் 5.2, முன்பு அது 2.6 ஆக இருந்தது. சிறுநீர்ப் பட்டையில் கீட்டோன் ஒரு பிளஸ் மட்டுமே.

```
Na − (Cl + HCO3) = 136 − (100 + 8) = 28
```

அல்புமினும் எதிர்மின் அயனி என்பதால், அது 4-க்குக் கீழே குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் 2.5-ஐக் கூட்ட வேண்டும். இங்கே 0.8 குறைவு, எனவே திருத்திய இடைவெளி 30. இயல்பான 12-ஐக் கழித்தால் உபரி 18. இந்த 18-ஐ யார் யார் பங்கிட்டுக் கொள்கிறார்கள் என்பதே கேள்வி. லாக்டேட் 2.8 என்று வந்தால், இயல்பான 1 போக அதன் பங்கு ஏறத்தாழ 2. பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் 9. அதனுடன் வரும் அசிட்டோஅசிட்டேட்டுக்கு ஏறக்குறைய 3. மொத்தம் 14, சிறுநீரகத்துக்கு மிஞ்சுவது 4 மட்டுமே.

கிரியேட்டினினைப் பார்த்தவுடன் டயாலிசிஸை நோக்கி ஓடியிருந்தால், முதலில் வேண்டிய இன்சுலின் தாமதமாகியிருக்கும். பொட்டாசியத்தைப் பார்த்த பின் இன்சுலின் தொடங்கி, சர்க்கரை இறங்கும்போது குளுக்கோஸையும் சேர்த்துக் கொடுத்தால், கீட்டோன் குறையக் குறைய இடைவெளியும் சுருங்கும். சிறுநீரகம் பழுதான நிலையில் பொட்டாசியத்தையும் நீரையும் வழக்கமான அளவில் ஏற்றக் கூடாது என்பது தனியாகக் கவனிக்க வேண்டியது. மாறாக லாக்டேட் 10-ஐ எட்டியிருந்தால் இரத்த அழுத்தம், தொற்று, குடல் இரத்த ஓட்டம், மெட்ஃபார்மின் ஆகியவற்றை நோக்கியே தேடல் திரும்பும்; மெட்ஃபார்மின் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், அங்கே இரண்டு காரணங்களும் கைகோத்து வருவதுண்டு.

இந்தக் கணக்கைத் துல்லியமானது என்று நான் கருதவில்லை. ஒவ்வோர் அளவீட்டிலும் சிறு பிழை இருக்கும். ஆகவே மிச்சம் 4 என்பதை அப்படியே சிறுநீரகத்தின் பங்காக எழுதிவிட முடியாது. ஆனால் மிச்சம் 12 என்றோ 15 என்றோ நின்று, சிறுநீரகப் பாதிப்பும் அதற்கு ஈடாக இல்லையென்றால், மெத்தனால், எத்திலீன் கிளைக்கால் போன்ற நச்சுகளைத் தேட வேண்டும். அத்தகைய நோயாளிகளை நான் கண்டது குறைவு என்பதால், அங்கே நச்சியல் வல்லுநரின் கருத்தைக் கேட்காமல் மேலே செல்ல மாட்டேன்.