செல்பேசிக் கடையில் ‘உங்கள் நம்பர் என்ன?’ என்று கேட்டால் உஷார்

செல்பேசியிலோ கூகுள் கணக்கிலோ இடம் நிரம்பிவிட்டது என்று சர்வீஸ் கடைக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எங்கள் ஊர்க் கடை ஒன்று இடத்தைக் காலி செய்வதாகச் சொல்லி என் வாட்ஸ்அப் கணக்கையே அழித்துவிட்டது. கூகுள் டிரைவில் இருந்த காப்புப் பிரதியும் அதோடு போயிற்று. நான் சிறிய அச்சகம் நடத்துகிறவன். பல ஆண்டு ஆர்டர்கள், புரூஃப்கள், வாடிக்கையாளர்களின் ஒப்புதல்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. அதற்கு 350 ரூபாய் பில் வேறு போட்டார்கள்.

பிரச்சினை என்னவோ சாதாரணமானதுதான். ஆண்ட்ராய்டு செல்பேசியில் வாட்ஸ்அப்பின் காப்புப் பிரதி கூகுள் கணக்கில் சேமிக்கப்படுகிறது. முன்பெல்லாம் அது கூகுள் தரும் 15 ஜிபி இலவச இடத்தில் கணக்கு வைக்கப்படாது. 2024-இல் படிப்படியாக அதையும் சேர்த்து எண்ணத் தொடங்கினார்கள். நாள் முழுக்க அழைப்பிதழ்ப் படங்களும் வீடியோக்களும் வந்து விழுகிற என் போன்றவர்களுக்கு அதுவே பாதி இடத்தை விழுங்கிவிடும். இடம் முழுதும் நிரம்பினால் ஜிமெயிலுக்கு அஞ்சல் வருவதும் நின்றுவிடும். எனக்கு அப்படித்தான் நின்றது. வாடிக்கையாளர் அனுப்பிய கோப்புகள் திரும்பிப் போக ஆரம்பித்ததும் கடைக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்த பையன் செல்பேசியை வாங்கி ஏதேதோ தட்டினான். நடுவில் தலை நிமிராமலே, “உங்கள் நம்பர் என்ன, அண்ணாச்சி?” என்றான். பில்லில் எழுதத்தான் கேட்கிறான் என்று யாரும் நினைப்பார்கள். பில் போட்டது அதற்கும் கால் மணி நேரம் கழித்து, வேறொருவர். பையன் அந்த எண்ணைப் பதித்தது என் செல்பேசியில்.

இடத்தைக் காலி செய்கிற எந்த வேலைக்கும் உங்கள் எண்ணைத் தட்டச்சு செய்யத் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் Settings, அதற்குள் Account, அதற்குள் Delete account என்று போனால் நாட்டுக் குறியீட்டோடு முழு எண்ணையும் பதிக்கச் சொல்லும். கணக்கின் உரிமையாளர் தெரிந்தே செய்கிறாரா என்று உறுதி செய்வதற்கான தடுப்பு அது. பிறகு ஏன் விலகுகிறீர்கள் என்று ஒரு காரணம் கேட்கும், மீண்டும் ஒரு முறை Delete my account என்ற பொத்தானைக் காட்டும். அந்தத் திரையிலேயே என்னென்ன அழியும் என்று வரிசையாக எழுதியிருக்கிறது: கணக்கு, செய்திகள், குழுக்கள், கூகுளில் உள்ள காப்புப் பிரதி. இத்தனை படிகளையும் தாண்டிப் போனவன் தெரியாமல் கை பட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. சீக்கிரமாக இடம் காலியாக அவன் பழகிவைத்திருந்த குறுக்குவழி அது. வேலையும் முடிந்தது, அதை மறுக்க மாட்டேன். அன்று மாலையே ஜிமெயிலுக்கு அஞ்சல் வர ஆரம்பித்துவிட்டது.

அழித்த பிறகு அதே எண்ணில் புதிதாகப் பதிவு செய்து, என் பெயரையும் போட்டுக் கொடுத்தான். பச்சை நிறச் செயலி பழைய இடத்திலேயே இருந்தது. திறந்தால் ஒன்றுமே இல்லை. “ராத்திரி வைஃபையில் போட்டு வையுங்கள், பழைய மெசேஜ் எல்லாம் தானாக இறங்கிவிடும்” என்றான். இது பச்சைப் பொய். உங்களுக்கும் இப்படி யாராவது சொன்னால் இரவு வரை காத்திருக்க வேண்டாம், அங்கேயே நின்று சோதித்துவிடலாம்.

செயலியை வெறுமனே நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால் கணக்கு அழியாது. எண்ணைச் சரிபார்த்ததும் காப்புப் பிரதி இருக்கிறது, மீட்கலாமா என்று அதுவே கேட்கும். குழுக்களும் முகப்புப் படமும் வந்துவிடும். கணக்கை அழித்திருந்தால் மீட்கலாமா என்ற கேள்வியே வராது, முகப்புப் படம் இருக்காது, ஒரு குழுவிலும் நீங்கள் இருக்க மாட்டீர்கள். என் செல்பேசியில் அச்சக உரிமையாளர் சங்கக் குழு காணாமல் போயிருந்தது. சங்கச் செயலாளரே அழைத்து, “என்ன கோபம், குழுவை விட்டுப் போய்விட்டீர்களே?” என்று கேட்ட பிறகுதான் நடந்தது முழுதாகப் புரிந்தது.

டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்குமே, எடுத்துவிடலாமே என்று பலர் யோசனை சொன்னார்கள். நாம் டிரைவில் ஏற்றும் படம், கோப்புகளுக்குத்தான் அது பொருந்தும். வாட்ஸ்அப் காப்புப் பிரதி அந்தச் செயலிக்கென்று ஒதுக்கிய மறைவான பகுதியில் இருக்கிறது. அதை நாம் கோப்பாகத் திறக்கவோ தரவிறக்கவோ முடியாது. அழிந்தால் குப்பைத் தொட்டிக்கும் வராது. கணக்குத் தகவல்களை முழுவதும் நீக்க 90 நாள் வரை ஆகலாம் என்று வாட்ஸ்அப் சொல்வது உண்மைதான். ஆனால் அது அவர்களுடைய கணினிகளில் நடக்கும் வேலைக்கான காலம். அதற்குள் விண்ணப்பித்து வாங்கிவிடலாம் என்று அர்த்தமில்லை. அழித்த கணக்கை மீட்டுத் தர வழியில்லை என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

இதனால் எனக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். ஒரு கல்யாண அழைப்பிதழில் முகூர்த்த நேரம் தவறு. வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்தது 9.00 முதல் 10.30. நாங்கள் அடித்ததும் அதே. பின்னால் ஜோசியர் நேரத்தை மாற்றியிருக்கிறார், அது எங்களுக்கு வந்து சேரவில்லை. புரூஃப் படத்தைப் பார்த்துவிட்டு, “சரியாக இருக்கிறது தம்பி, பிளேட் போட்டுவிடுங்கள்” என்று வாடிக்கையாளர் அனுப்பிய குரல் செய்தி என்னிடம் இருந்த வரை பேச்சு மரியாதையாக இருந்தது. அது போய்விட்டது என்று தெரிந்ததும் பாக்கி 6,800 ரூபாயைத் தர முடியாது, தவறு உங்களுடையது என்றுவிட்டார்.

நம் கணக்கு அழிந்தாலும் எதிராளியின் செல்பேசியில் உள்ள செய்திகள் அழிவதில்லை. ஆக, ஆதாரம் அவரிடமே இருக்கிறது. எனக்கு எதிராகப் பேசுகிறவரிடம் எனக்கான ஆதாரத்தைக் கேட்டு வாங்க வேண்டிய நிலை! அந்தக் குரல் செய்தியை நான் எங்கள் மெஷின்காரருக்கு அன்றே அனுப்பியிருந்தேன். அது அவரிடம் கிடைத்தது. ஆனால் ஃபார்வர்டு செய்த செய்தியில் முதலில் பேசியவர் யார், எந்தத் தேதியில் பேசினார் என்பது தெரியாது. அந்த வாடிக்கையாளர் எனக்கு வேறு வேலையும் கொடுத்திருந்தார். “அது விசிட்டிங் கார்டுக்குச் சொன்னது” என்றார். கடைசியில் பாதித் தொகைக்கு முடித்துக்கொண்டோம். மற்ற வாடிக்கையாளர்களில் நல்லவர்கள் தங்கள் பக்கத்து உரையாடலை Export chat மூலம் மின்னஞ்சலில் அனுப்பித் தந்தார்கள். பாதிக் கணக்கு வழக்கை அப்படித்தான் மீட்டேன். நீங்களும் இதில் மாட்டியிருந்தால் முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

அடுத்து வருகிறவர்கள் ‘ரெக்கவரி’க்காரர்கள். இவர்களைத் தேடிப் போகாதீர்கள். ஒருவர் 4,500 ரூபாய் முன்பணம் கேட்டார். செல்பேசிக்குள் `msgstore.db.crypt14` அல்லது `crypt15` என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கும், அதிலிருந்து எடுத்துவிடலாம் என்று தொழில்நுட்பமாகப் பேசினார். அப்படி ஒரு கோப்பு உண்டு, பொய்யில்லை. அதன் நகல் உங்கள் கணினியில் தப்பியிருந்தாலும் அது பூட்டிய பெட்டி. சாவி உங்கள் கணக்கோடு சேர்ந்தது. கணக்கு அழிந்த பிறகு, சாவியைத் தனியாக எடுத்து வைத்திருந்தாலொழிய அந்தக் கோப்பு உதவாது. இதைக் கேட்டதும் அவர் பேச்சை மாற்றி, ஆறு இலக்கக் குறியீடு வரும், அதை மட்டும் சொல்லுங்கள் என்றார். அந்தக் குறியீட்டைச் சொன்னால் இப்போது புதிதாக இருக்கிற கணக்கும் அவர் கைக்குப் போய்விடும். போனை வைத்துவிட்டேன்.

இடம்தான் பிரச்சினை என்றால் கடைக்கே போக வேண்டாம். வாட்ஸ்அப் Settings-இல் Storage and data, அதில் Manage storage. 5 எம்பிக்கு மேல் உள்ளவற்றையும், பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டவற்றையும் தனித்தனியாகக் காட்டும். காலை வணக்க வீடியோக்கள் எவ்வளவு இடம் பிடித்திருக்கின்றன என்று அங்கே பார்த்தால் தலை சுற்றும். வேண்டாதவற்றை நீக்கிவிட்டு, Chats-இல் Chat backup போய் Include videos என்பதை அணைத்து, ஒரு முறை Back up கொடுங்கள். புதிய பிரதி பழையதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அளவு சட்டென்று குறையும். பழைய வீடியோ தேவையென்றால் அதற்கு முன்பே கணினியில் ஏற்றிவிடுங்கள்.

எண்ணை மாற்றுகிறவர்களையும் சில கடைகள் இதே வழியில் தள்ளிவிடுகின்றன. எண் மாறினால் கணக்கை அழிக்க வேண்டியதில்லை. Delete account இருக்கும் அதே Account பக்கத்தில் Change number என்று இருக்கிறது. கணக்கும் குழுக்களும் அப்படியே புதிய எண்ணுக்கு வந்துவிடும். உண்மையிலேயே வாட்ஸ்அப் வேண்டாம் என்று விலகுகிறவர்கள் தேவையான உரையாடல்களை ஒவ்வொன்றாக ஏற்றுமதி செய்துவிட்டு அழியுங்கள். படங்களோடு என்றால் ஒரு உரையாடலில் கடைசி 10,000 செய்திகள், படங்கள் இல்லாமல் 40,000 வரைதான் வரும். அதற்கும் மேல் பேசியிருந்தால் பழையவை வராது.

கடைக்காரர் பில்லின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ‘டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். நான் பில்லையும், அழிந்த நாளைக் காட்டும் குழுச் செய்தியின் படத்தையும் வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். அதன் பிறகு 350 ரூபாயைத் திருப்பித் தந்தார்கள். மற்ற நஷ்டத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பதற்காக அந்தப் பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அழைப்பிதழ் புரூஃபுக்கு இப்போது தாளில்தான் கையெழுத்து வாங்குகிறேன். இரண்டு வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள், பரவாயில்லை.