வாய்வார்த்தையாக வந்த பதவி உயர்வு: மெயிலா, சாட்டா, எச்ஆர் லெட்டரா?

ஆறு வருஷத்துக்கு முன் எனக்கு ஒரு மேனேஜர் இருந்தார். நல்ல மனுஷன். "ஜனவரியிலிருந்து நீதான் டீம் லீட், சம்பளத்தையும் பார்த்துக்கலாம்" என்று கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே சொன்னார். டிசம்பர் கடைசியில் அவரே வேறு ப்ராஜெக்டுக்குப் போய்விட்டார். புது மேனேஜரிடம் கேட்டபோது ஹேண்ட்ஓவரில் அப்படி எதுவுமே இல்லையே என்றார். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே இல்லை. பழையவரும் ஏமாற்ற நினைத்தவர் இல்லை. அந்த வார்த்தை எங்கேயும் எழுத்தில் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்த கம்பெனியில் அதே மாதிரி ஒரு பேச்சு வந்தபோது சும்மா இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். ஆனால் எழுத்தில் எப்படி வாங்குவது? முன்னால் மூன்று வழிகள் இருந்தன. சாட்டில் ஒரு வரி கேட்கலாம், பேசியதை நானே தொகுத்து மெயில் போடலாம், நேராக எச்ஆரிடம் லெட்டர் கேட்கலாம்.

நிலவரம் இதுதான். என் சிடிசி 9,60,000. அதில் ஃபிக்ஸட் 8,40,000, மீதி 1,20,000 வேரியபிள். செப்டம்பர் முதல் வாரம் மேனேஜர் சொன்னது: "அக்டோபரிலிருந்து லீட் ரோல், 15 பெர்சன்ட் ஹைக்." கேட்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் 15 சதவீதம் எதன் மேல்? சிடிசி மேல் என்றால் வருஷத்துக்கு 1,44,000 கூடும், ஃபிக்ஸட் மேல் என்றால் 1,26,000. அக்டோபர் என்பது ரோலுக்கு மட்டுமா, சம்பளத்துக்குமா? சம்பளம் ஜனவரியில்தான் என்றால், ஃபிக்ஸட் கணக்கிலேயே மாதம் 10,500 வீதம் மூன்று மாதத்துக்கு 31,500 போச்சு. ஏமாற்றும் எண்ணம் யாருக்கும் இல்லாமலேயே இவ்வளவு வித்தியாசம் வரும்.

முதலில் சாட்டைப் பார்ப்போம். ரொம்பச் சுலபம், மேனேஜருக்கும் உறுத்தாது. "இன்னைக்குப் பேசினதுக்கு நன்றி, லீட் ரோல் அக்டோபர்லதானே?" என்று தட்டினால் பத்து நிமிஷத்தில் ஒரு கட்டைவிரல் வந்துவிடும். சிக்கலே அந்தக் கட்டைவிரல்தான். அது எதற்குச் சம்மதம், நன்றிக்கா, தேதிக்கா? ஒரு வரியில் தொகை, தேதி, பதவிப் பெயர் எல்லாம் அடங்காது, அடக்கி எழுதினால் அது சாட் மாதிரி இருக்காது. கம்பெனி சாட்டில் பழைய செய்திகள் இத்தனை நாளில் அழிய வேண்டும் என்று அட்மின் அமைத்திருக்கலாம். வாட்ஸ்அப்பிலோ 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று தானாக மறைய வைக்கும் வசதியே இருக்கிறது, மேனேஜர் அதைப் போட்டிருந்தால் உங்கள் பக்கமும் மறைந்துவிடும். என்னைக் கேட்டால், மெயிலுக்கு முன்னால் ஒரு எட்டிப் பார்ப்புக்கு சாட் சரி, அதற்கு மேல் வேண்டாம்.

எச்ஆர் லெட்டர்தான் கடைசியில் கையில் இருக்க வேண்டிய தாள், அதில் சந்தேகமே இல்லை. உங்கள் அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்துப் பாருங்கள், பின்பக்கம் எங்கேயாவது, வேலை நிபந்தனைகள் எழுத்து மூலமாக, அதிகாரம் உள்ளவர் கையெழுத்தோடு மட்டுமே மாறும் என்ற பொருளில் ஒரு வரி இருக்க வாய்ப்பு உண்டு. இந்தியச் சட்டத்தில் வாய்மொழி ஒப்பந்தமும் பொதுவாகச் செல்லும். ஆனால் அதை நிரூபிப்பது உங்கள் பாடு, அதோடு அந்த வரியும் இருந்தால் மேனேஜரின் மெயில்கூட முழுப் பிடி ஆகாது. பல இடங்களில் சம்பளத்தைக் கூட்டும் அதிகாரம் மேனேஜருக்குக் கிடையாது, அவர் பரிந்துரைதான் செய்ய முடியும்.

அப்படியானால் முதல் நாளே எச்ஆரிடம் போனால் என்ன? மேனேஜர் இன்னும் மேலே பேசியிருக்கவே மாட்டார். எச்ஆர் அவரைக் கூப்பிட்டு "என்ன ப்ராமிஸ் பண்ணீங்க?" என்று கேட்டால், உங்களுக்காகப் போராட வேண்டியவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பார்.

ஒரே ஒரு விதிவிலக்கு. நீங்கள் ராஜினாமா கொடுத்துவிட்டு, கையில் வேறு ஆஃபரும் இருக்கும்போது, உங்களைத் தடுக்க அந்த வாக்குறுதி வந்தது என்றால், அங்கே மெயிலெல்லாம் போதாது. லெட்டர் கைக்கு வரும்வரை ராஜினாமாவைத் திரும்பப் பெறாதீர்கள், அந்த ஆஃபரையும் மறுக்காதீர்கள்.

மற்றபடி என் தேர்வு தொகுப்பு மெயில். ஆங்கிலத்தில்தான் போட்டேன், சாரம் இது: "இன்று பேசியதற்கு நன்றி. நான் புரிந்துகொண்டது: அக்டோபர் 1 முதல் டெஸ்ட் லீட் பொறுப்பு, நான்கு பேர் எனக்கு ரிப்போர்ட் செய்வார்கள், 15 சதவீத உயர்வு. அந்த 15 சதவீதம் ஃபிக்ஸட் மேலா, மொத்த சிடிசி மேலா என்று மட்டும் சொன்னால் வீட்டுக் கடன் கணக்குக்கு உதவும்."

கடைசி வாக்கியத்தில்தான் மொத்த வேலையும் இருக்கிறது. "தயவுசெய்து உறுதிப்படுத்தவும்" என்று எழுதினால் நம்பிக்கை இல்லாத மாதிரி படும், பதிலும் வராது. உண்மையிலேயே தெரிய வேண்டிய ஒரு சின்னக் கேள்வியைக் கேட்டால் பதில் வரும், அந்தப் பதிலே மற்றதை ஒத்துக்கொண்டதாகவும் ஆகிவிடும். "பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்" என்று மட்டும் போடாதீர்கள். பொதுவாக மௌனம் சட்டப்படி சம்மதம் ஆகாது, மேனேஜருக்கு எரிச்சல் மட்டும் மிஞ்சும். முதல் மெயிலில் எச்ஆரை சிசி போடுவதும் அதே ரகம்.

எனக்குப் பதில் மெயில் வரவில்லை, போன் வந்தது. "எதுக்குப்பா மெயில் எல்லாம், நான்தான் சொன்னேனே." அப்புறம் ஒரு சின்ன மௌனத்துக்குப் பிறகு, "ஃபிக்ஸட் மேலதான். ஆனா டைரக்டர் அப்ரூவல் இன்னும் வரலை, கேட்டிருக்கேன்." கொடுக்கிறேன் என்று என் காதில் விழுந்தது, கேட்டு வாங்கித் தருகிறேன் என்பதுதான் என்று அன்றைக்குத் தெரிந்தது. மெயில் போடாமல் இருந்திருந்தால் இது டிசம்பரில் தெரிந்திருக்கும்.

அதே மெயிலுக்குக் கீழேயே பதில் போட்டேன்: "போனில் விளக்கியதற்கு நன்றி. ஃபிக்ஸட் மேல் 15 சதவீதம், டைரக்டர் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது. எப்போது தெரியும்? வந்ததும் லெட்டருக்கு எச்ஆரிடம் நான் பேசலாமா?" இதற்கு ஒரு வரி வந்தது: "18க்குள் தெரியும். எஸ், பேசலாம்." எனக்கு அது போதும். இந்த மாதிரி மெயிலை உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள், பல கம்பெனிகளில் அது பாலிசி மீறல். யார், என்றைக்கு, என்ன சொன்னார் என்று வீட்டு டைரியில் ஒரு வரி எழுதி வையுங்கள்.

ஒப்புதல் 20ஆம் தேதிதான் வந்தது. அந்த ஒரு வரியைக் காட்டி எச்ஆரிடம் கேட்டேன், ஒரு வாரத்தில் லெட்டர் வந்தது. பதவிப் பெயர் சரி, தொகை சரி, அமலுக்கு வரும் தேதி மட்டும் நவம்பர் 1 என்று இருந்தது. கையெழுத்துப் போடாமல் முதல் மெயிலில் இருந்த "அக்டோபர் 1"ஐக் காட்டினேன், மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் அதற்குள் அக்டோபர் பேரோல் மூடிவிட்டது. நவம்பர் பேஸ்லிப்பில் அரியர்ஸ் என்று தனி வரியில் 10,500 வந்தது.